தனியாக வசிக்கும் வாடகைதாரரிடம் அவசரத் தொடர்பு விவரம் பெறுதல்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தனியாக வசிக்கும் ஒருவர் வீட்டுக்குள் விழுந்துவிட்டாலோ மயங்கிவிட்டாலோ அதை வெளியில் இருப்பவர்கள் அறிய நேரமாகும். அறிந்த பின்னும் இரண்டு கேள்விகள் எழும்: யாருக்குச் சொல்வது? கதவை யார் திறப்பது? விழுந்தவர் பல மணி நேரம் எழ முடியாமல் தரையில் கிடந்தால் நீரிழப்பு ஏற்படும். உடல் எடை அழுத்துவதால் தசை சிதைந்து, அதனால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே இவ்விரு கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை தெரிந்திருப்பது நல்லது. அந்த விடையை வீட்டு உரிமையாளரோ குடியிருப்போர் சங்கமோ வாடகைதாரரின் மதிப்பும் தனிமையும் குறையாமல் எப்படிக் கேட்டுப் பெறலாம் என்பதை, சென்னை போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு வேறு பொறுப்புகள்

பெரும்பாலான படிவங்களில் ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். வாடகைதாரர் அதில் மகன், மகள் அல்லது உடன்பிறந்தவரின் எண்ணை எழுதுவார். அவர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருந்தால் அந்த எண்ணால் கதவைத் திறக்க முடியாது. சென்னையில் காலை 8 மணி என்றால் நியூ ஜெர்சியில் முந்தைய நாள் இரவு. அழைப்பை எடுத்தாலும் அவர் அங்கிருந்து கவலைப்படத்தான் முடியும்.

எனவே படிவத்தில் இரண்டு பேருக்கு இடம் வேண்டும். ஒருவர் அவசரத் தொடர்பாளர். மருத்துவமனை, சிகிச்சை, செலவு ஆகியவற்றில் முடிவெடுக்கக்கூடியவர் இவர், எங்கிருந்தாலும் பரவாயில்லை. மற்றவர் சாவிப் பொறுப்பாளர். மாற்றுச் சாவியைத் தம்மிடம் வைத்திருந்து, அழைத்தால் அரை மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடியவர் இவர். உறவினராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் தோழியோ, உடன் வேலை பார்த்தவரோ, எதிர் வீட்டுக்காரரோ போதும்.

இப்படிப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டு உரிமையாளரிடமோ காவலாளியிடமோ சாவி இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. யாரிடம் சாவி இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும். தனியாக வாழும் பெண்கள் பலர் இத்தகைய படிவங்களைத் தட்டிக்கழிப்பதற்குக் காரணம், தங்கள் வீட்டுச் சாவி இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே.

கேட்கும் விதம்

தனியாக இருப்பவர்களை மட்டும் தேடிச் சென்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால், ‘உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை’ என்று சொல்வதுபோல் ஆகிவிடும். மேலும், அந்தக் கட்டடத்தில் யார் யார் தனியாக இருக்கிறார்கள் என்ற பட்டியலும் தானாகவே உருவாகிவிடும். திருடருக்கு அதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை. எல்லா வீடுகளுக்கும் ஒரே படிவத்தைக் கொடுப்பதே முறை. வயதான தம்பதியருக்கும், இரவுப் பணிக்குச் செல்பவரின் குடும்பத்துக்கும்கூட அது பயன்படும்.

கேட்கும் சொற்கள் எளிமையாக இருக்கலாம்: “எல்லா வீட்டுக்கும் இந்தத் தாள் குடுக்கிறோம்மா. உங்களுக்கு உடம்பு முடியாம போனா யாரைக் கூப்பிடணும், சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் எழுதுங்க. விருப்பம் இல்லேன்னா எழுத வேண்டாம். யோசிச்சு அடுத்த வாரம் குடுத்தாலும் போதும்.” வாசலில் நின்றபடி உடனே எழுதி வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். வாடகைதாரர் தாம் எழுதப் போகும் இருவரிடமும் முதலில் சம்மதம் கேட்க வேண்டுமல்லவா? அதற்கு அவகாசம் தேவை.

சென்னையில் வாடகைக்கு விடுவோர் காவல் நிலையத்தில் கொடுக்கும் வாடகைதாரர் விவரப் படிவத்தோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. அது அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கானது. இது வாடகைதாரரின் நலனுக்காக அவர் விரும்பித் தருவது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் இதுவும் கட்டாயம் என்று நினைத்து, ஏதோ ஓர் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த எண் தேவைப்படும் நேரத்தில் பயன்படாது.

படிவத்தில் என்ன இருக்க வேண்டும்

‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்று கேட்பது பலருக்குச் சங்கடம் தரும். மணமுறிவு பெற்றவர், வீட்டாரின் எதிர்ப்பை மீறி வாழ்பவர், குடும்ப வன்முறையிலிருந்து விலகி வந்தவர் ஆகியோருக்கு அந்தப் பெயரில் உள்ளவரே ஆபத்தாக இருக்கலாம். ‘யாரை அழைக்க வேண்டும்?’ என்று கேட்டால் போதும். உறவுமுறையை எழுதுவது அவர் விருப்பம். அதன் கீழே ‘யாரிடம் தெரிவிக்கக் கூடாது?’ என்ற வரியும் இருப்பது நல்லது. அதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

நோய், மருந்து போன்ற விவரங்களைச் சங்கம் கேட்க வேண்டியதில்லை. மருந்துச் சீட்டு வீட்டுக்குள் எங்கே இருக்கிறது என்பதைச் சாவிப் பொறுப்பாளர் அறிந்திருந்தால் போதுமானது. ஆதார் எண், வேலை செய்யும் இடம், சம்பளம் ஆகியவற்றுக்கும் இங்கே இடமில்லை.

கதவும் தாழ்ப்பாளும்

சாவி இருந்தும் கதவு திறக்காமல் போவதுதான் இதில் அடிக்கடி கவனிக்கப்படாத குறை. பல வீடுகளில் மரக்கதவுக்கு முன்னால் இரும்புக் கிரில் கதவு இருக்கும். அதற்குத் தனிப் பூட்டு. மரக்கதவின் சாவியை மட்டும் தோழியிடம் கொடுத்திருந்தால் அவர் கிரில் கதவோடு நின்றுவிடுவார். இரவில் உள்ளே மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தால் எந்தச் சாவியாலும் பயனில்லை. சில பூட்டுகளில் உள்பக்கம் சாவியைச் செருகியே வைத்திருந்தால் வெளியிலிருந்து வேறு சாவி நுழையாது.

இதைக் கண்டறிய ஒரே ஒரு சோதனை போதும். வாடகைதாரர் இரவில் வழக்கமாகப் பூட்டுவதுபோல் உள்ளே இருந்து பூட்டிக்கொள்ள, சாவிப் பொறுப்பாளர் வெளியிலிருந்து திறந்து பார்க்க வேண்டும். திறக்க முடியாவிட்டால், தாழ்ப்பாளுக்குப் பதிலாக வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய நல்ல பூட்டு ஒன்றைப் பொருத்தலாம். தாழ்ப்பாள் போடாமல் தூக்கம் வராது என்பவரை வற்புறுத்தக் கூடாது. ‘உள்ளே தாழ்ப்பாள் உண்டு’ என்று படிவத்தில் குறித்துக்கொண்டால், அவசரத்தில் சாவிக்காகக் காத்திருந்து நேரத்தை வீணாக்காமல் 112 எண்ணில் காவல் துறையையோ தீயணைப்பு மீட்புப் பணியினரையோ அழைக்கலாம்.

எப்போது திறப்பது

கதவைத் திறப்பதற்கான நிபந்தனையை வாடகைதாரரே எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வாடகைச் சட்டம், பழுது பார்ப்பது போன்ற காரணங்களுக்காக வீட்டு உரிமையாளர் உள்ளே வருவதற்குக்கூட 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. வாடகைக்கு விட்ட வீடு வாடகைதாரரின் தனி இடம் என்பதே இதன் பொருள். ஆகவே ‘சந்தேகம் வந்தால் திறக்கலாம்’ என்று பொதுவாக எழுதுவது போதாது. எந்த அறிகுறி தெரிந்தால், எத்தனை முறை அழைத்த பின், யார் முன்னிலையில் திறக்கலாம் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கிறார். அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறார். மகனை அவசரத் தொடர்பாளராகவும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் முன்னாள் சக ஆசிரியையைச் சாவிப் பொறுப்பாளராகவும் அவர் எழுதியிருக்கிறார். நிபந்தனை இது: “காலை 8 மணிக்கும் பால் பாக்கெட் வாசலிலேயே இருந்தால் கைப்பேசியில் அழைக்கவும். எடுக்காவிட்டால் அழைப்பு மணி அடிக்கவும். கால் மணி நேரம் கழித்தும் பதில் இல்லையென்றால் தோழியை அழைக்கவும். அவரும் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணும் சேர்ந்து திறக்கலாம். ஊருக்குப் போனால் முன்பே சொல்லிவிடுவேன்.”

ஒரு நாள் 8 மணிக்குப் பால் வாசலில் இருக்கிறது. உள்ளே கைப்பேசி ஒலிப்பது கேட்கிறது, எடுப்பவர் இல்லை. வெளியே போயிருந்தால் கைப்பேசியையும் எடுத்துச் சென்றிருப்பார் என்பதால் இது முக்கியமான அறிகுறி. 8.15க்குத் தோழி அழைக்கப்படுகிறார், 8.35க்குக் கதவு திறக்கிறது. ஆசிரியை குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு வலியால் எழ முடியாமல் கிடக்கிறார். தோழி அவரைத் தூக்க முயலாமல் 108 எண்ணை அழைக்கிறார். வண்டி வரும்வரை பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருக்கிறார். மகனுக்குச் செய்தி அதன் பிறகே போகிறது. எந்த மருத்துவமனை என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது.

இதே ஆசிரியை சொல்லாமல் ஊருக்குப் போயிருந்தால்? கைப்பேசி உள்ளே ஒலித்திருக்காது. முதல் அழைப்பையே எடுத்து, “மன்னிச்சுக்கோங்க, சொல்ல மறந்துட்டேன்” என்றிருப்பார். கதவைத் திறக்க வேண்டியே இருந்திருக்காது. படிகளை வரிசையாக எழுதி வைப்பதன் பயன் இதுதான்: உண்மையான ஆபத்தில் தயக்கம் இருக்காது, வெறும் சந்தேகத்தில் யாரும் உள்ளே நுழையவும் மாட்டார்கள்.

காப்பதும் அழிப்பதும்

நிரப்பிய படிவத்தை உறையிலிட்டு, வீட்டு எண்ணை மட்டும் மேலே எழுதி ஒட்டி, சங்கச் செயலாளரிடம் பூட்டிய பெட்டியில் வைக்கலாம். அவர் ஊரில் இல்லாதபோது யார் பொறுப்பு என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். உறையைப் பிரித்தால் தேதி, நேரம், காரணம் ஆகியவற்றை எழுதி வைத்து, வாடகைதாரரிடம் பின்னர் காட்ட வேண்டும். காவலாளியின் குறிப்பேட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இந்த விவரங்கள் இருக்கக் கூடாது. மாற்றுச் சாவியின் மேல் வீட்டு எண்ணை எழுதுவதும் தவறு; தொலைந்தால் எடுப்பவருக்கு முகவரியும் கிடைத்துவிடும்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மின்னணு வடிவில் உள்ள விவரங்களுக்கானது. தாளில் மட்டும் இருக்கும் படிவம் அதன் வரம்புக்குள் வராது. ஆனால் அச்சட்டத்தின் அடிப்படை இங்கும் பொருந்தும்: எதற்காகக் கேட்கப்படுகிறது என்று சொல்ல வேண்டும், அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கிக்காக அவசரத் தொடர்பாளரை அழைப்பது இந்த அடிப்படையை மீறும் செயலாகும். ஒரு வீட்டில் அப்படி நடந்துவிட்டால் அடுத்த ஆண்டு எவரும் உண்மையான எண்ணைத் தரமாட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, “எழுதினது மாறியிருக்கா?” என்று கேட்பது போதும். எண் மாறியிருக்கலாம், சாவிப் பொறுப்பாளர் வீடு மாற்றியிருக்கலாம், தோழமையே முறிந்திருக்கலாம். மாறியிருந்தால் பழைய தாளைத் திருப்பிக் கொடுத்துப் புதியதைப் பெற வேண்டும். வாடகைதாரர் வீட்டைக் காலி செய்யும் நாளில், முன்பணக் கணக்கை முடிக்கும்போதே அந்த உறையையும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.