ஏழாம் மாதத்திலேயே பால் கசிகிறதா?

ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் காலையில் எழுந்ததும் உள்ளாடையில் மஞ்சள் கறையைப் பார்க்கிறார். தொட்டால் பிசுபிசுக்கிறது. "இப்போதே பால் வந்துவிட்டால் குழந்தைக்கு எது மிஞ்சும்?" என்று வீட்டில் கவலை கிளம்புகிறது. அப்படிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கசிந்தது சீம்பால். அது சுமார் 16 வாரத்திலிருந்தே மார்பில் ஊறத் தொடங்கிவிடும்.

அதற்கு முன்பே மார்பகம் தயாராக ஆரம்பித்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் பால் குழாய்களைக் கிளைவிடச் செய்கிறது. புரோஜெஸ்டிரோன் பால் சுரக்கும் பைகளை வளர்க்கிறது. ரத்த ஓட்டமும் கூடுவதால் முதல் இரண்டு மாதங்களில் மார்பு கனத்து, ரவிக்கை உரசினாலே வலிக்கும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பலருக்கு இந்த வலி குறைந்துவிடும். இதே ஹார்மோன்கள் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டுவதால் காம்பும் அதைச் சுற்றிய வட்டமும் கறுத்து அகலமாகும். வட்டத்தில் தெரியும் சிறு புடைப்புகள் எண்ணெய்ச் சுரப்பிகள். அவை காம்பை வறண்டுபோகாமல் காப்பதால், கிள்ளவோ சோப்பு போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு கறுப்பு மெல்ல வெளிறும். சிலருக்கு முழுதாக மறையாது.

பால் ஊறத் தொடங்கியும் பெருகாமல் இருப்பது ஏன்? நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடை நீங்கி, இரண்டு முதல் நான்கு நாட்களில் பால் பெருகும். ஆகவே இப்போது கசிந்தவருக்குப் பிறகு பால் குறைந்துவிடாது. கசியாதவருக்குப் பால் வராமலும் போகாது. கசிவுக்கு உள்ளாடைக்குள் பருத்தித் துணி வைத்து, நனைந்ததும் மாற்றினால் போதும். "வருகிறதா பார்ப்போம்" என்று பிழிந்து பார்க்க வேண்டாம். காம்பைத் தூண்டினால் ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பை இறுகக்கூடும். குறைமாதப் பிரசவ அபாயம் உள்ளவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

சாதாரண மாற்றங்கள் பெரும்பாலும் இரு மார்பிலும் வரும். கசிவு மட்டும் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்; அது மஞ்சளாகவோ தெளிந்த நீராகவோ வெள்ளையாகவோ இருந்தால் பயமில்லை. கசிவில் ரத்தம் கலந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேகமாக வளரும் புதிய ரத்தக் குழாய்களிலிருந்து இரு பக்கமும் வலியின்றி வந்து தானே நின்றுவிடும் ரத்தமும் உண்டு. ஆனால் ஒரே காம்பிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைக் கண்டறிந்தே ஆக வேண்டும்.

இரண்டு வாரமாகியும் கரையாத கட்டி, ஆரஞ்சுத் தோல்போல் குழிந்த சருமம், புதிதாக உள்ளிழுத்த காம்பு, ஒரு காம்பில் மட்டும் ஆறாத புண் ஆகியவற்றையும், காய்ச்சலோடு சிவந்து வலிக்கும் மார்பையும் "கர்ப்பம்தானே" என்று தள்ளிப்போடக் கூடாது. மார்பக ஸ்கேனில் பயன்படுவது ஒலி அலைதான். வயிற்றிலுள்ள குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. அதனால் பரிசோதனையைப் பிரசவம்வரை ஒத்திவைக்கத் தேவையில்லை.