அரை மணி நேரக் குடுவை

திருப்பூர் சாயப்பட்டறைகளில் கழிவுநீர் சுத்திகரிப்புக்குத் தடிமனான இயக்கக் கையேடு இருக்கும். அதை எழுதியவர் பொறியாளர். இரவு ஷிப்டில் நிற்பவரோ பத்தாவது படித்தவர். அவருக்காக ஒரு கையேடு எழுதச் சொன்னால், நான் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில்தான் தொடங்குவேன்.

காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியில் அழுக்கைத் தின்பவை நுண்ணுயிர்கள். பழுப்புச் சேறாக மிதக்கும் அவை அடுத்த தொட்டியில் அடியில் படிந்தால்தான் மேலே தெளிந்த நீர் கிடைக்கும். படியாவிட்டால் சேறு நீரோடு போய், கடைசியில் இருக்கும் ஆர்.ஓ. சவ்வை அடைக்கும். படியுமா என்பதைக் குடுவை முன்கூட்டியே சொல்லிவிடும்.

தினமும் ஒரே நேரத்தில், ஏரேஷன் தொட்டியின் வெளியேறும் முனையில், நுரைக்குக் கீழிருந்து நீரை மொண்டு, ஒரு லிட்டர் கோடு வரை ஊற்றுங்கள். வெயில் படாத, அதிராத இடத்தில் வைத்து, 30 நிமிடம் தொடாமல் விட்டு, சேறு நிற்கும் கோட்டைக் குறியுங்கள். ஒரு நாள் அளவைவிட, அது நகரும் திசைதான் முக்கியம்.

திங்கள் 300 மில்லி, புதன் 450, வெள்ளி 650 என்று வைத்துக்கொள்வோம். பலரும் உடனே சேற்றை வெளியேற்றத் தொடங்கிவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. சேறு அதிகமானாலும் அளவு ஏறும், சேறு பஞ்சுபோல உப்பினாலும் ஏறும். இரண்டுக்கும் மருந்து வேறு.

பிரித்தறிய, அரை லிட்டர் தொட்டி நீரோடு அரை லிட்டர் சுத்திகரித்த தெளிநீரைக் கலந்து மறுபடி வையுங்கள். 200, 250 என்று இறங்கினால் சேறு அதிகம், அவ்வளவுதான். வெளியேற்றுவதைக் கூட்டலாம், ஆனால் நாளொன்றுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள், உயிர்கள் தடுமாறும். பாதி நீர் சேர்த்தும் 500-ஐ ஒட்டியே நின்றால், நூல்போல வளரும் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன. சேற்றை எடுத்துக்கொட்டுவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. முதலில் கரைந்த ஆக்சிஜனைப் பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் புளோயரில் கவனம் வையுங்கள். அடுத்து யூரியா, டிஏபி. சாயநீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் போதுமான அளவில் இராததால்தான் அவற்றைப் போடுகிறோம். மூட்டை தீர்ந்து நாலு நாள் போடாமல் விட்டது பதிவேட்டில் இருக்காது, குடுவையில் தெரியும்.

குடுவையை உடனே கழுவிவிடாதீர்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். படிந்த சேறு கட்டியாக மேலே எழும்பி, குச்சியால் தட்டியதும் குமிழி விட்டுத் திரும்ப மூழ்கினால், அது நைட்ரஜன் வாயுவின் வேலை. படிவுத் தொட்டியின் அடியிலும் சேறு நெடுநேரம் தங்கினால் அப்படித்தான் மிதந்து வரும். சேற்றைத் திருப்பி அனுப்பும் பம்பைக் கூட்டிவிட்டு, மறுநாள் குடுவையை மறுபடி பாருங்கள்.