ஸ்டீராய்டு ஸ்ட்ரிப்பும் சனிக்கிழமை பார்ட்டியும்

ஹாஸ்டல்ல ஒரு ரூம்மேட்டைக் கற்பனை பண்ணிக்கோங்க. வியாழக்கிழமை ஆஸ்துமா அதிகமாகி டாக்டர்கிட்ட போனான். தினமும் காலை சாப்பாட்டுக்கு அப்புறம் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், 5 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ரெண்டாவது நாளே மூச்சு சரியாயிடுச்சு. சனிக்கிழமை ராத்திரி நண்பனோட பிறந்தநாள் பார்ட்டி. சரியா சாப்பிடாமலே குடிச்சான். ஞாயிறு காலையில தலைவலின்னு பக்கத்து ரூம்ல வாங்கி ஐபுபுரோஃபென் போட்டான். மேல ஸ்டீராய்டையும் போட்டான்.

ஜிம்ல தசைக்காகப் போடற ஸ்டீராய்டு வேற கதை. ஆஸ்துமா, தோல் அலர்ஜி, மூட்டு வீக்கத்துக்கு டாக்டர் தர்ற ஸ்டீராய்டைப் பத்திதான் இங்க பேசறோம்.

நம்ம இரைப்பைக்குள்ள இருக்கற அமிலம் இரைப்பையையே அரிக்காம இருக்கக் காரணம், உள்சுவர் மேல இருக்கற வழவழப்பான சளிப் படலம். அந்தப் படலத்தைப் பராமரிக்க புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு வேதிப்பொருள் வேணும். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கறதே இந்த மாதிரிப் பொருள்களோட உற்பத்தியைக் குறைச்சுதான். அதனால படலமும் பலவீனமாகும், புண் ஆறறதும் தாமதமாகும். ஆல்கஹால் அதே சுவரை நேரடியா எரிச்சல்படுத்தும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளும் அதே புரோஸ்டாகிளாண்டினைத்தான் தடுக்கும். ஸ்டீராய்டு தனியா இருந்தா ரத்தக்கசிவு ஆபத்து பெரும்பாலும் குறைவுதான். வலி மாத்திரையும் சேர்ந்தா அது பல மடங்கு ஏறும். அதுக்கு மேல ஆல்கஹால்னா நிலைமை இன்னும் மோசம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. வலியையும் வீக்கத்தையும் ஸ்டீராய்டு அமுக்கிடறதால, புண் இருந்தும் வயித்து வலி பெருசா தெரியாமப் போகலாம். அதனால "வலிக்கல, அப்ப ஒண்ணும் இல்ல"ன்னு இருக்க முடியாது. பார்க்க வேண்டியது மலத்தை. தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுப்பா, கடுமையான நாத்தத்தோட போனா மேல்வயித்துல ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். இரும்புச்சத்து மாத்திரையாலயும் மலம் கறுக்கும். ஆனா இந்தப் பிசுபிசுப்பும் நாத்தமும் பொதுவா அதுல இருக்காது. வாந்தி காபித் தூள் கலந்த மாதிரி வந்தாலும், எழுந்து நின்னதும் கண்ணைக் கட்டினாலும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடணும்.

அடுத்தது சர்க்கரை. கல்லீரலை அதிகமா குளுக்கோஸ் தயாரிக்க வைக்கும் ஸ்டீராய்டு; இன்சுலின் வேலை செய்யறதையும் மந்தமாக்கும். காலையில மாத்திரை போட்டா மதியத்துக்கு மேல, சாயங்காலம்தான் சர்க்கரை ஏறும். வெறும் வயித்துல எடுத்த டெஸ்ட் நார்மல்னு வந்து ஏமாத்தலாம். குடிக்கும்போது கூடவே கோலா கலந்தா அதோட சர்க்கரையும் சேரும். தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு எல்லாம் ஹேங்ஓவர் மாதிரியே இருக்கறதால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பெரும்பாலானவங்களுக்கு கோர்ஸ் முடிஞ்சா இது இறங்கிடும். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடறவங்களுக்கு ஆபத்து ரெண்டு பக்கமும் இருக்கு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏத்தும். சாப்பிடாம குடிச்சா ராத்திரியில அது திடீர்னு இறங்கவும் செய்யும்.

எலும்பு 5 நாள்ல தேயாது. மாசக்கணக்கா ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்குத்தான் அந்தக் கவலை. எலும்பைக் கட்டற செல்களை ஸ்டீராய்டு அடக்கும், குடல்ல கால்சியம் உறிஞ்சறதையும் குறைக்கும். அதிகமா குடிச்சாலும் அதே செல்கள்தான் அடங்கும். நம்ம வயசு எலும்பு இன்னும் உறுதி சேர்த்துக்கிட்டிருக்கற வயசு. இன்னொரு விஷயம், தொடை எலும்போட உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு அது செத்துப்போற நோய். அடிபடாமலே வர்றதுக்கு முக்கியமான ரெண்டு காரணங்கள் அதிக ஸ்டீராய்டும் அதிகக் குடியும்தான். தொடை இடுக்குல வலி வாரக்கணக்கா விடாம இருந்தா டாக்டர்கிட்ட ரெண்டையும் மறைக்காம சொல்லுங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாம, எம்ஆர்ஐல மட்டும் தெரியலாம்.

இப்ப ரூம்மேட் கதைக்கு வருவோம். ஸ்டீராய்டு எடுக்கும்போது ஒரு சொட்டு பட்டாலே ரத்தம் வரும்னு யாரும் சொல்லல. ஆனா அவன் வெறும் வயித்துல நிறைய குடிச்சு, மேல வலி மாத்திரையும் போட்டதால மூணும் ஒரே சுவரைத் தாக்குச்சு. 5 நாள் கோர்ஸ்னா அது முடியற வரைக்கும் குடிக்காம இருக்கறதுதான் நல்லது. தலைவலிக்கு எந்த மாத்திரை போடலாம்னு, ஸ்டீராய்டு எடுக்கறதைச் சொல்லி டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்.

பார்ட்டிக்காக ஸ்டீராய்டை மட்டும் நிறுத்தற பழக்கம் வேண்டாம். அவனுக்கு ஆஸ்துமா திரும்ப வரலாம். 3 வாரத்துக்கு மேல எடுக்கறவங்களுக்கு, உடம்பு சொந்தமா கார்ட்டிசோல் சுரக்கறதைக் குறைச்சிருக்கும். அப்ப திடீர்னு விட்டா ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அன்னைக்கு விட வேண்டியது கிளாஸை, மாத்திரையை இல்ல.