கூகுளில் முதல் வாசகர் வரும் வழி

புதிய தளத்தில் ‘மாடித்தோட்டம்’ என்று பொதுவாக எழுதினால், பழைய பெரிய தளங்களைத் தாண்டி மேலே வருவது மிகக் கடினம். கூகுள் தேடல் பெட்டியில் ‘தக்காளி இலை’ என்று தட்டிப் பாருங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் மக்கள் உண்மையில் தேடுபவை. ‘தக்காளி இலை சுருளுதல்’ போன்ற ஒன்றைத் தேர்ந்து, முதல் பக்க முடிவுகளைத் திறந்து படியுங்கள். அவை மேலோட்டமாக இருந்தால், அதுதான் உங்களுக்கான இடம். அந்த ஒரு கேள்விக்கு முழு விடை எழுதுங்கள்.

பிறகு பொறுமை வேண்டும். பலன் தெரிய பொதுவாக 4 மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்று கூகுள் தரப்பே சொல்லியிருக்கிறது. இடையில், இலவசமான சர்ச் கன்சோலைப் பாருங்கள். கிளிக் இல்லாவிட்டாலும் ‘சராசரி இடம்’ 40-லிருந்து 15-க்கு வந்திருந்தால், கட்டுரை முன்னேறுகிறது. பல வாரங்களாகியும் பக்கம் கூகுளின் பட்டியலிலேயே சேரவில்லை என்றால், காத்திருப்பதில் பயனில்லை. அங்கேயே காரணத்தைத் தேடுங்கள்.