பாரத்தில் ‘இந்தியன்’ என்று எழுதுமுன்



கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளில் சிலர் இன்று படிப்புக்காகவும் வேலைக்காகவும் கனடாவுக்குக் குடிபெயர்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர்கள் பல பாரங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது. அவற்றில் ‘விசிபல் மைனாரிட்டி’ என்றொரு சொல்லும், வேறு சிலவற்றில் ‘பர்சன் ஆஃப் கலர்’ என்றொரு சொல்லும் வருகின்றன. இவற்றின் பொருளை இன்று கேள்வி பதிலாகப் பார்ப்போம்.

கேள்வி: ‘விசிபல் மைனாரிட்டி’ என்றால் யார்?

பதில்: பார்த்த மாத்திரத்தில் வேறு இனத்தவர் என்று தெரியக்கூடிய சிறுபான்மையினர் என்பது இதன் நேர்ப்பொருள். கனடாவின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது. அந்த நாட்டின் பழங்குடி மக்கள் நீங்கலாக, இனத்தாலோ நிறத்தாலோ வெள்ளையர் அல்லாதவர் யாவரும் இதில் அடங்குவர். தெற்காசியர், சீனர், கறுப்பர், பிலிப்பினோக்கள், அராபியர், கொரியர், ஜப்பானியர் முதலானோர் இதன் பிரிவுகள்.

இதற்கும் தோல் நிறத்தின் அளவுக்கும் தொடர்பில்லை. சிவந்த மேனியுடைய சீனரும் இதில் சேர்வார். குடியேறியவரா இல்லையா என்பதும் பொருட்டல்ல. போலந்திலிருந்து நேற்று வந்த வெள்ளையர் இதில் சேரமாட்டார். மூன்று தலைமுறையாக அங்கேயே வாழும் தமிழர் சேர்வார்.

கேள்வி: ‘மைனாரிட்டி’ என்றால் எண்ணிக்கையில் குறைந்தவர் அல்லவா?

பதில்: நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான். 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இவர்கள் நூற்றுக்கு 26.5 பேர். ஆனால் டொரொந்தோ மாநகரில் 2016லேயே இவர்கள் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். அங்கும் பாரத்தில் பெயர் ‘மைனாரிட்டி’தான். ஆகவே இதைச் சட்டம் வைத்த பெயராகக் கொள்ள வேண்டும். நம் தெருவில் தலையை எண்ணிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

கேள்வி: இங்கே எல்லாப் பாரத்திலும் ‘பங்சா’ என்ற இடத்தில் ‘இந்தியா’ என்றுதானே எழுதுகிறோம்? அங்கும் ‘இந்தியன்’ என்று எழுதினால் என்ன?

பதில்: தவறு நேரும் இடம் இதுதான். கனடாவின் சட்டத்தில் ‘இந்தியன்’ என்ற சொல் அந்நாட்டுப் பழங்குடி மக்களைக் குறிக்கும். 1876ல் இயற்றப்பட்ட ‘இந்தியன் ஆக்ட்’ என்ற சட்டம் அவர்களைப் பற்றியது. இன்றும் அந்தப் பெயரிலேயே நடப்பில் உள்ளது.

ஓர் உதாரணம் பார்ப்போம். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த பெண் ஒருத்தி டொரொந்தோவில் வசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் வீட்டுக்குக் குடிமதிப்பின் நீண்ட பாரம் வருகிறது. அது நான்கு வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுப்பப்படுவது. அதில் முதலில், “நீங்கள் பழங்குடியினரா?” என்ற கேள்வி வருகிறது. அதன் கீழ் ‘நார்த் அமெரிக்கன் இந்தியன்’ என்ற சொற்களைக் காண்கிறாள். ‘இந்தியன்’ என்று எழுதியே பழகிய கை, அங்கே அடையாளம் இட்டுவிடக்கூடும். இட்டுவிட்டால், அடுத்து வரும் இனப் பிரிவுக் கேள்வியைத் தாண்டிப் போகும்படி பாரமே சொல்லிவிடும். ‘தெற்காசியர்’ என்ற கட்டம் அவள் கண்ணில் படாமலே போகும்.

‘ஸ்டேட்டஸ் இந்தியன்’ என்றொரு கேள்வியும் உண்டு. அது விசாவின் நிலையைக் கேட்பது போல ஒலிக்கும். ஆனால் பழங்குடி மக்களின் அரசாங்கப் பதிவைப் பற்றிய கேள்வி அது. இந்த இரண்டுக்கும் அவள் ‘இல்லை’ என்று பதில் தர வேண்டும்.

கேள்வி: அப்படியானால் அவள் அடையாளமிட வேண்டிய கட்டம் எது? மலேசியா தென்கிழக்காசியாவில் அல்லவா இருக்கிறது?

பதில்: ‘தென்கிழக்காசியர்’ என்றொரு கட்டமும் உண்டு. வியட்நாமியர், கம்போடியர், தாய்லாந்தியர் போன்றோருக்கு அது உரியது. இங்கே ‘வார்கனெகாரா’ வேறு, ‘கெத்துருனான்’ வேறு என்பதை நாம் அறிவோம். நம் குடியுரிமை மலேசியா; வம்சாவளி இந்தியா. அதே பாகுபாட்டை அங்கும் கையாள வேண்டும். பிறந்த நாடு எது, குடியுரிமை எது என்று பாரம் தனித்தனியே கேட்கும். அங்கே ‘மலேசியா’ என்று எழுதலாம். இந்தக் கேள்வி வம்சாவளியை ஒட்டியது. ஆகவே மலேசியத் தமிழருக்குப் பொருந்துவது ‘தெற்காசியர்’ கட்டம். தாய் சீனராகவும் தந்தை தமிழராகவும் இருந்தால் இரண்டு கட்டங்களிலும் அடையாளமிடலாம். குடிமதிப்பு அதை அனுமதிக்கிறது.

கேள்வி: வேலையிடத்திலும் இதே கேள்வியைக் கேட்கிறார்களே, எதற்காக?

பதில்: நீதிபதி ரோசலி அபெல்லா தலைமையில் அமைந்த ஆணையம், வேலையில் சமத்துவம் பற்றி 1984ல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1986ல் சட்டம் வந்தது. 1995ல் அது புதிதாக இயற்றப்பட்டது. மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட வங்கி, விமானம், ரயில், தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள், தம்மிடம் எத்தனை ‘விசிபல் மைனாரிட்டி’ ஊழியர்கள் உள்ளனர் என்று கணக்கெடுக்க வேண்டும்.

ஒரு வங்கியில் குறிப்பிட்ட வகை வேலையில் 200 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்குத் தகுதி பெற்றவர்களில் நூற்றுக்கு 25 பேர் இப்பிரிவினர் என்றால், அங்கே 50 பேர் இருக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. இருப்பதோ 30 பேர் என்றால், 20 பேர் குறைவு. அதற்கு எது தடையாக இருக்கிறது என்று ஆராய்ந்து, அந்தத் தடையை நீக்க வங்கி திட்டம் வகுக்க வேண்டும். தகுதியில்லாதவரை வேலைக்கு எடுக்கும்படி சட்டம் சொல்லவில்லை. இத்தனை இடம் ஒதுக்கு என்ற கோட்டாவும் அல்ல.

கேள்வி: பதில் சொல்லாவிட்டால் குற்றமா?

பதில்: வேலையிடப் பாரத்தில் இக்கேள்விக்குப் பதில் தருவது நம் விருப்பம். தாமே முன்வந்து சொன்னவரும் சம்மதித்தவரும் மட்டுமே கணக்கில் சேர்வர். தந்த விவரத்தை வேறு காரியத்துக்கு முதலாளி பயன்படுத்தக்கூடாது. ஆனால் மேலே சொன்ன வங்கியில் 30 பேரில் 10 பேர் பதில் தராவிட்டால், கணக்கில் 20 பேரே இருப்பார்கள். உண்மை நிலை யாருக்கும் தெரியாது. குடிமதிப்பு அப்படியல்ல. அதற்குப் பதில் தருவது சட்டப்படி கட்டாயம். படிக்கவோ வேலை செய்யவோ பெர்மிட்டில் வந்து அங்கே வசிப்பவரும் அதில் எண்ணப்படுவர்.

கேள்வி: ‘பர்சன் ஆஃப் கலர்’ என்பதும் இதுதானா?

பதில்: கிட்டத்தட்ட அதே மக்களைக் குறிக்கும், ஆனால் கனடாவின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வகுத்த சொல் அல்ல. வெள்ளையர் அல்லாதவர் ஒருமித்துத் தங்களைக் குறிக்க அமெரிக்காவில் பரவிய சொல் இது. கல்லூரிகளும் சங்கங்களும் தங்கள் பாரங்களில் இதைக் கேட்பதுண்டு. தமிழர் ஒருவர் விரும்பினால் ‘ஆம்’ எனலாம். அமெரிக்கக் குடிமதிப்பில் இந்தப் பெயரில் கட்டம் இல்லை. அங்கே நமக்குரியது ‘ஏசியன் இந்தியன்’. ‘அமெரிக்கன் இந்தியன்’ என்பது பழங்குடியினருக்கு உரியது.

இன்னொன்று. ‘கலர்ட்’ என்ற பழைய சொல்லை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒருவரை அப்படி அழைப்பது அவமதிப்பாகும். தென்னாப்பிரிக்காவில் அது 1950ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்துவைத்த தனி இனப் பிரிவின் பெயர்.

‘விசிபல் மைனாரிட்டி’ என்ற சொல்லும் மாறி வருகிறது. வெள்ளையரையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறது என்ற குறை அதன்மேல் உண்டு. ‘ரேஷியலைஸ்ட்’ என்ற சொல்லைக் கனடாவின் புள்ளிவிவர அலுவலகம் இப்போது எழுதிவருகிறது. சட்டத்திலும் அதற்கேற்ற மாற்றம் வேண்டும் என்று 2023ல் வெளியான ஆய்வுக்குழு அறிக்கை பரிந்துரைத்தது. பாரத்தில் அந்தச் சொல் வந்தாலும் கேட்பது இதே கேள்விதான்.

ஆகவே பிறந்த நாடு, குடியுரிமை, வம்சாவளி ஆகிய மூன்றில் எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ‘இந்தியன்’ என்ற சொல்லைக் கண்டால், அது எந்த மக்களைக் குறிக்கிறது என்று அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே பேனாவை வைக்க வேண்டும்.