கண்டிக் காரியாலயப் பகிடி: அன்றும் இன்றும்

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டெல்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அதையொட்டி அமெரிக்க உளவுத் துறையும் கண்டியில் தன் காரியாலயத்தை அமைத்தது. அங்கே இரகசியக் கோப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜூலியா மக்வில்லியம்ஸ். பிற்காலத்தில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்கர்களுக்குப் பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்.

அந்த ஆண்டு மே மாதம் இவர் ஒரு குறிப்பு அனுப்பினார். தமது பிரிவுக்கு வரவேண்டிய அறிக்கை ஒன்று வரவில்லை. அதை அனுப்பாவிட்டால், அடுத்த முறை வாஷிங்டனுக்குப் போகும் தபால் பையை அரிப்புப் பொடியாலும் நோய்க்கிருமிகளாலும் நிரப்பிவிடுவேன், எண்களை எல்லாம் மாற்றிவிடுவேன், ஆவணங்களைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துவிட்டு ஆங்கிலப் பிரதியை அழித்துவிடுவேன் என்று மிரட்டியிருந்தார். ஏப்ரல் முதலாம் திகதி எழுதியது அல்லதான். ஆனாலும் கண்டியில் எழுதப்பட்ட காரியாலயப் பகிடிகளில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

போர்க்காலத்தில், உளவுத் துறைக்குள், கிருமி என்று எழுதியும் ஏன் ஒருவரும் பதறவில்லை? பொய் கடைசி வரியில் ஒளிந்திருக்கவில்லை. தொடக்கம் முதலே அது வெளிப்படை. ஒவ்வொரு மிரட்டலும் முந்தியதைவிட அபத்தம். அதை நம்பி யாரும் ஏதும் செய்யவேண்டியதும் இல்லை. அறிக்கை வேண்டும் என்ற ஒன்று மட்டும் உண்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது தட்டச்சுத் தாளில் போனது. யாருக்குப் போனதோ அவர்கள் எழுதியவரின் குணம் அறிந்தவர்கள்.

இன்றைய கண்டியில் அந்தக் கடைசிப் பாதுகாப்பு இல்லை. தேநீர் அறையில் ஒட்டிய தாளை ஒருவர் போனில் படம் எடுப்பார். பத்து நிமிடத்தில் அது கட்டுகஸ்தோட்டையில் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். திகதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அடுத்த நாளும் சுற்றும். தமிழில் எழுதிய கிண்டலை யாராவது சிங்களத்தில் சுருக்கிச் சொல்லும்போது கிண்டல் உதிர்ந்து, செய்தி மட்டும் மிஞ்சும்.

பரவும் பொய்யின் விலை இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, வதந்தியும் வெறுப்பும் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடின. அரசாங்கம் ஒரு வாரத்துக்கும் மேலாகச் சமூக வலைத்தளங்களை முடக்கியது. அதில் தன் பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. பொய்க் கூற்றுகளைக் குற்றமாக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது.

இதற்காகப் பகிடியையே விடவேண்டுமா? வேண்டாம். ஆனால் எழுதும் விதம் மாறவேண்டும். ஒரு உதாரணம் பார்ப்போம். ஹந்தானை மலை தெரியாத நாட்களில் ஊழியர்களுக்கு அரை நாள் ‘மூடுபனி லீவு’ என்று ஓர் அறிவித்தல். இவ்வளவுதான் என்றால் அது கெட்ட பகிடி. புது நிர்வாகம் அப்படி ஒரு சலுகை தரக்கூடும்; யாராவது உண்மையிலேயே வீட்டுக்குப் போய்விடுவார், சம்பளம் வெட்டுப்படும். ஆகவே முதல் வரியிலேயே, ‘மூடுபனி லீவு கேட்பவர்கள் அத்தாட்சியாக ஒரு டிபன் கேரியர் நிறைய மூடுபனியை மூடியோடு கொண்டுவந்து ஒப்படைக்கவும்’ என்று தொடங்கவேண்டும். அடுத்த வரியில், ‘மூடி திறந்து மூடுபனி தப்பியிருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.’ மூன்றாவதில், ‘நுவரெலியாவிலிருந்து இறக்குமதி செய்த மூடுபனி ஏற்கப்படாது.’ எந்த வரியைத் தனியாக வெட்டி அனுப்பினாலும் பொய் பல்லைக் காட்டும். அரை நாள் என்ற சொல்லை மூன்று வரியிலும் நான் விட்டுவிட்டதைக் கவனியுங்கள். நம்பத்தக்க எண் ஒன்று இருந்தால் அதைத்தான் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள்.

சம்பளம், போனஸ், இடமாற்றம், தண்ணீர் வெட்டு, ரயில் நேரம், மண்சரிவு எச்சரிக்கை இவற்றைத் தொடவே கூடாது. மழைக்காலத்தில் மலைச்சரிவில் வாழ்பவருக்கு அவை உண்மை அறிவித்தல்களாகவே வருகின்றன. ஒருமுறை பொய்யாய் வந்தால், அடுத்த முறை உண்மையாய் வரும்போது ஒருவர் தாமதிப்பார்.

வருகிற ஏப்ரல் முதலாம் திகதி பகிடி ஒன்று ஒட்டப்போகிறீர்களா? காரியாலயத் தலைப்புத் தாள், முத்திரை, மேலாளரின் கையெழுத்து மூன்றும் வேண்டாம். காலையில் ஒட்டுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நீங்களே கழற்றிவிடுங்கள்.