3 ஜிபி மாடலுக்கு 25 ஜிபி எதற்கு?

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜிபிடி-2 மாடல்களில் பெரியதில் சுமார் 156 கோடி பாராமீட்டர்கள் இருக்கின்றன. ஒரு பாராமீட்டர் என்பது ஓர் எண். அதை 2 பைட்டில் எழுதினால் மொத்தம் 312 கோடி பைட். 100 கோடி பைட் ஒரு ஜிபி என்பதால், மாடலின் அளவு 3 ஜிபியைச் சற்றே தாண்டுகிறது. சாதாரண கிராபிக்ஸ் கார்டிலேயே ஏற்றி இயக்கிவிடலாம். ஆனால் அதே மாடலுக்குப் பயிற்சி கொடுக்கப் போனால் 24 ஜிபி கார்டும் போதாது.

பயிற்சியில் ஒவ்வொரு பாராமீட்டரோடும் சில எண்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதை எந்தப் பக்கம், எவ்வளவு திருத்த வேண்டும் என்று சொல்லும் கிரேடியன்ட்டுக்கு 2 பைட். திருத்தங்கள் மிகச் சிறியவை. 2 பைட் எண்ணில் கூட்டினால் பல திருத்தங்கள் பதிவாகாமலே போய்விடும். அதனால் பாராமீட்டரின் துல்லியமான பிரதி ஒன்றை 4 பைட்டில் தனியாக வைத்திருக்கிறார்கள். திருத்தும் வேலையைச் செய்வது ஆப்டிமைசர். பரவலாகப் பயன்படும் ஆடம் ஆப்டிமைசர், கிரேடியன்ட்டின் ஓடும் சராசரியை ஒரு எண்ணிலும் அதன் வர்க்கத்தின் சராசரியை இன்னொரு எண்ணிலும் பாராமீட்டர்தோறும் நினைவில் வைக்கும். அதற்கு 4 + 4 பைட்.

கூட்டிப் பாருங்கள்: 2 + 2 + 4 + 4 + 4 = 16 பைட். 156 கோடியை 16ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 25 ஜிபி. பயிற்சிக்கான வாக்கியம் ஒன்றுகூட உள்ளே போவதற்கு முன்பே இந்த இடம் ஒதுங்கிவிடுகிறது. இதில் பாதி, ஆடம் வைத்திருக்கும் இரண்டு சராசரிகளுக்கே போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்தது ஆக்டிவேஷன். தரவு ஒவ்வோர் அடுக்காகக் கடந்து போகும்போது பிறக்கும் இடைக்கணக்குகள் இவை. பிழையைப் பின்னோக்கிப் பிரித்துக் கிரேடியன்ட் காண இவை மறுபடி தேவைப்படுவதால், அதுவரை அழிக்க முடியாது. பாராமீட்டர் கணக்கு மாடலோடு முடிந்துவிடும். இதுவோ நாம் ஒரே நேரத்தில் எத்தனை வரிசைகளை ஊட்டுகிறோம், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து வளரும். ஜிபிடி வகை மாடலின் ஓர் அடுக்குக்கு எத்தனை பைட் என்பதற்கு, என்விடியா ஆய்வாளர்கள் 2022இல் கொடுத்த சூத்திரம் கைக்கு உதவும்:

```
s × b × h × (34 + 5 × a × s / h)
```

`s` வரிசையின் நீளம், `b` வரிசைகளின் எண்ணிக்கை, `h` அடுக்கின் அகலம், `a` கவனத் தலைகளின் எண்ணிக்கை. நம் மாடலில் நீளம் 1024, அகலம் 1600, தலைகள் 25. ஒரே ஒரு வரிசைக்கு, அடைப்புக்குள் 34 + 80 = 114 வருகிறது. ஓர் அடுக்குக்கு சுமார் 187 எம்பி. 48 அடுக்குகளுக்கு 9 ஜிபி.

அந்த 80ஐ விடாமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் ஒப்பிடப்படும் அட்டவணைகளின் பங்கு அது. நீளத்தை இரட்டித்தால் அந்தப் பகுதி நான்கு மடங்காகும். 2022இல் வந்த ஃபிளாஷ் அட்டென்ஷன் முறை இந்த அட்டவணைகளைச் சேமிக்காமலே வேலையை முடிக்கிறது. 9 ஜிபி 3 ஜிபிக்கும் கீழே இறங்கிவிடும்.

40 ஜிபி கார்டு கையில் இருக்கிறது, அந்த முறை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு 25 + 9 = 34 ஜிபி; ஓடும். இரண்டு வரிசைக்கு 43, ஓடாது. அப்போது ஒரு வழி உண்டு. ஒவ்வோர் அடுக்கின் நுழைவு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டு, பின்னோக்கி வரும்போது அந்த அடுக்கை மறுபடி கணக்கிடுவது. 8 வரிசைகளுக்குக்கூட நுழைவு எண்கள் சுமார் 1.3 ஜிபிதான், மறுகணக்கில் இருக்கும் ஓர் அடுக்குக்கு 1.5 ஜிபி. கடைசியில் 50,257 சொல்துண்டுகளுக்கும் மதிப்பெண் போடும் இடத்துக்கு இன்னும் 3, 4 ஜிபி சேர்த்தாலும் 32 அருகில் நின்றுவிடும். விலை நேரம்: கணக்கீடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும்.

கணக்கு சரியா என்று `torch.cuda.max_memory_allocated()` காட்டிவிடும். ஆனால் முதல் சுற்றில் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. பைடார்ச்சில் ஆடம் தன் இரண்டு சராசரிகளுக்கான இடத்தை, முதல் `optimizer.step()` நடக்கும்போதுதான் எடுக்கும். அந்த வரியிலேயே நினைவகம் தீர்ந்ததென்றால் குறை பாராமீட்டர் பக்கம். வரிசைகளைக் குறைத்துப் பயனில்லை. முதல் சுற்று ஓடி, இரண்டாவது சுற்றின் முன்னோட்டத்தில் விழுந்தால், சராசரிகள் வந்து உட்கார்ந்தபின் ஆக்டிவேஷனுக்கு இடமில்லை என்று பொருள். அங்கே வரிசையைக் குறைப்பதும் மறுகணக்கும் கைகொடுக்கும்.